பாட்டி தோற்றுவிட்டால் வகுப்பில் பேச என்ன மிஞ்சும்?

கேள்வி: பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு எடுக்கிறேன். விவாதத்துக்காக நானே ஒரு சிறுகதை எழுதினேன். தாத்தாவின் நினைவு நாளில் பேரப்பிள்ளைகளில் ஒருவர் முறைவைத்து விளக்கேற்றி, "நீங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், எங்களைக் காக்கிறீர்கள்" என்று எல்லார் முன்னாலும் சொல்வது அந்தக் குடும்பத்து வழக்கம். இந்த வருடம் நிலாவின் முறை. அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இதை ஏன் சொல்லவேண்டும், நான் ஏன் சொல்லவேண்டும், இந்த வீட்டில் ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை என்று கேட்கிறாள். பாட்டி கோபப்படுகிறார், கடைசியில் பேத்தியின் நியாயத்தைப் புரிந்துகொண்டு கட்டிப்பிடிக்கிறார். கதை பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஆனால் "யார் செய்தது சரி?" என்று கேட்டதும் "நிலாதான்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள், பேச்சு அதோடு நின்றுவிட்டது. கதையில் கோளாறா, நான் கேட்ட விதத்தில் கோளாறா?

பதில்: இரண்டிலும் இருக்கிறது, ஆனால் பெரும்பங்கு கதையில்தான். பிள்ளைகள் யோசிக்க மறுக்கவில்லை. உங்கள் கதை அவர்களுக்காக யோசித்து முடித்துவிட்டது. பாட்டியே மனம் மாறி நிலாவைக் கட்டிப்பிடித்த பிறகு, "பாட்டி பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று எந்தப் பிள்ளை எழுந்து சொல்லும்? சொன்னால் கதைக்கு எதிராகவும், கதையை எழுதிய ஆசிரியருக்கு எதிராகவும் பேசியது போல ஆகிவிடும். அந்த வயதுப் பிள்ளைகள் ஆசிரியருக்கு என்ன பதில் வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். பதில் சொல்லும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் எல்லாரும் உங்கள் முகத்தையே பார்த்தார்கள் என்றால், அங்கே நடந்தது விவாதம் இல்லை.

அதனால் முதல் வேலை, கடைசிப் பக்கத்தை வெட்டுவது. எந்த இடத்தில் வெட்டுவது என்பதுதான் முக்கியம். நிலா சொல்ல மறுத்த பிறகு வெட்டினால் தாமதமாகிவிடும், அவள் முடிவெடுத்துவிட்டாள், நமக்குக் கைதட்டுவது மட்டுமே பாக்கி. பாட்டி கோபப்படும் இடத்தில் வெட்டினாலும் சரிவராது, அப்போது பேச்சு முழுவதும் பாட்டியின் கோபத்தைப் பற்றியே போகும். நிலா விளக்கை ஏற்றிவிட்டாள், தீக்குச்சியை அணைத்துவிட்டாள், எல்லாரும் காத்திருக்கிறார்கள், அவள் வாய் திறக்கிறாள். அங்கே நிறுத்துங்கள். விளக்கேற்றுவதில் அவளுக்குச் சிக்கல் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும், சிக்கல் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும்தான் என்பதும் தெளிவாகிவிடும்.

அடுத்தது நிலாவின் கேள்வி. உங்கள் கதையில் அவள் மூன்று கேள்வி கேட்கிறாள், மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். நம்பாததை ஏன் சொல்லவேண்டும் என்பது உண்மை பேசுவதைப் பற்றிய கேள்வி. நான் ஏன் என்பது நியாயமான பங்கைப் பற்றியது. யாரும் ஏன் கேள்வி கேட்பதில்லை என்பது வீட்டில் யாருக்கு அதிகாரம் என்பதைப் பற்றியது. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிள்ளைகள் எது சுலபமோ அதைப் பிடித்துக்கொள்வார்கள், பெரும்பாலும் அது மூன்றாவதாகத்தான் இருக்கும், ஏனென்றால் பெரியவர்கள் பேசவிடுவதில்லை என்ற மனக்குறை அந்த வயதில் எல்லாருக்கும் கைவசம் இருக்கிறது. பிறகு உங்கள் கதையை விட்டுவிட்டு அதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் முதல் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுவேன். முறைவைத்து எல்லாப் பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருப்பதால் இரண்டாவது கேள்விக்கு இந்தக் கதையில் வலுவும் இல்லை. மூன்றாவது நல்ல கேள்வி, அதற்கு இன்னொரு கதை எழுதுங்கள்.

இப்போது பாட்டி. உங்கள் கதையில் அவருக்குக் கோபம் இருக்கிறது, காரணம் இல்லை. "காலம் காலமாக இப்படித்தான்" என்பது காரணம் போலத் தோன்றும், ஆனால் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை அதை ஒரே நொடியில் ஒதுக்கிவிடும், ஒதுக்குவதும் சரிதான். பாட்டிக்கு ஒதுக்கமுடியாத ஒரு காரணம் வேண்டும். அதை அவர் உபதேசமாகச் சொல்லக்கூடாது, வேலை செய்துகொண்டே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"பாட்டி, தாத்தா நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்களா?"

பாட்டி திரியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். "சில வருடம் நம்புவேன். சில வருடம் நம்பமாட்டேன்."

"நம்பாத வருடத்திலும் பிள்ளைகளைச் சொல்லவைத்தீர்களா?"

"நானும் கூடவே மனசுக்குள் சொன்னேன். உன் தாத்தா அவர் அப்பாவுக்கு இதே வார்த்தையைத்தான் சொன்னார், பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் எனக்கு ஞாபகம் வருகிறது. மற்ற நாளில் எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை."

நிலா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், "அது உங்களுக்கு, பாட்டி. நான் சொன்னதும் பெரியப்பா 'பார், பிள்ளைக்கு எவ்வளவு நம்பிக்கை' என்று எல்லாரிடமும் சொல்வார். போன வருடம் அண்ணனைப் பற்றி அப்படித்தான் சொன்னார்."

இவ்வளவு போதும். பாட்டி நம்பிக்கையைத் திணிக்கவில்லை, அவருக்கே அது நிச்சயமாக இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தால் அவருக்குக் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காத ஒன்று. நிலாவும் வீம்புக்காகப் பேசவில்லை. தான் சொல்வதைக் கேட்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசிக்கிறாள். பெரியப்பாவை நான் வேண்டுமென்றேதான் கொண்டுவந்தேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

நம்பாததைச் சொன்னாலே பொய் ஆகிவிடாது. மேடையில் அரசன் வேடம் போட்டவர் "நான் இந்த நாட்டின் மன்னன்" என்று சொன்னால் யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது அவருடைய சொந்தக் கூற்று இல்லை என்பது பார்ப்பவர்களுக்கும் தெரியும். பொய் என்பதற்கு, எனக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றை இன்னொருவரை நம்பவைக்கும் நோக்கம் வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கணம். சடங்குச் சொல் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அந்த அறையில் இருப்பவர்களில் பாட்டிக்கு அது ஒரு குரலின் நினைவு, சித்தப்பாவுக்கு வெறும் வழக்கமாக இருக்கலாம், பெரியப்பாவுக்கோ அது சொல்பவரின் நம்பிக்கைக்குச் சாட்சி. ஒரே வாக்கியத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறார்கள், நிலா எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவைதான் சொல்லமுடியும். அப்படியானால் அவள் சொல்வது பொய்யா இல்லையா? அவள் பெரியப்பாவை ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனால் அவர் ஏமாறுவார் என்று முன்கூட்டியே அவளுக்குத் தெரியும். அது போதுமா, போதாதா? இந்த இடத்துக்கு வகுப்பு வந்து சேர்ந்துவிட்டால் நீங்கள் பேசவேண்டிய அவசியமே இருக்காது.

நிலாவையும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இப்போது அவள் அப்பழுக்கில்லாத உண்மையின் பக்கம் நிற்கிறாள், அதனால்தான் எல்லாரும் ஓடிப்போய் அவள் பின்னால் நின்றுகொள்கிறார்கள். கதையின் தொடக்கத்தில் சின்னதாக ஒரு சம்பவம் வையுங்கள். தம்பி ஒரு படம் வரைந்து எடுத்துவருகிறான், சுமாரான படம்தான், நிலா "ரொம்ப அழகா இருக்குடா" என்கிறாள், அவன் அதைச் சுவரில் ஒட்டப்போகிறான். இரண்டு வரி, அவ்வளவுதான். அதற்கு எந்த அழுத்தமும் கொடுக்காதீர்கள், கதையில் யாரும் அதைத் திரும்ப நினைவுபடுத்தவும் வேண்டாம். வகுப்பில் ஒரு பிள்ளை நிச்சயம் அதைப் பிடித்துவிடும்: தம்பிக்காக மட்டும் சொல்லலாமாம், பாட்டிக்காகச் சொல்லக்கூடாதாமா என்று. நீங்கள் கேட்டால் அது ஆசிரியரின் கேள்வி. ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்துக் கேட்டால் மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டார்கள். தம்பிக்குச் சொன்னது ஒருவனைச் சந்தோஷப்படுத்த, பாட்டி வீட்டில் சொல்வது ஒரு பெரிய விஷயத்தைப் பற்றி, அதனால் வேறு என்று ஒருவர் சொல்வார். பெரிய விஷயம் என்றால் பொய் கூடுதலாகக் கனக்கிறதா என்று இன்னொருவர் கேட்பார்.

இன்னொரு விஷயமும் இந்தக் கதைக்குள் வரவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டி கடைசியாக நிலாவிடம் என்ன சொல்கிறார்? "சொல்லித்தான் ஆகவேண்டும்" என்றால் கட்டாயம், "சொல்லவேண்டாம்" என்றால் கதை முடிந்துவிட்டது. நிஜ வீடுகளில் பெரும்பாலும் வருவது மூன்றாவது பதில்: "உன் இஷ்டம்." இதை விடப் பழைய குடும்பச் சொல் கிடையாது. கன்பூசியஸிடம் சாய் வோ என்ற சீடர், பெற்றோர் இறந்தால் மூன்று வருடம் துக்கம் காப்பது அதிகம், ஒரு வருடம் போதாதா என்று கேட்டார். வெறுமனே கேட்கவில்லை, மூன்று வருடம் ஒதுங்கியிருந்தால் மற்ற சடங்குகளும் இசையும் மறந்துபோகும், தானியம்கூட ஒரு வருடத்தில் பழையது தீர்ந்து புதியது விளைந்துவிடுகிறது என்று காரணமும் சொன்னார். கன்பூசியஸ் அதற்கு எதிர்வாதம் செய்யவில்லை. ஒரு வருடம் முடிந்ததும் நல்ல சோறு சாப்பிட்டு, பட்டு உடுத்த உனக்கு மனம் ஒப்புமா என்று கேட்டார். ஒப்பும் என்றார் சீடர். அப்படியானால் செய்துகொள் என்று சொல்லிவிட்டார். ஆனால் சாய் வோ வெளியே போனதும், இவனுக்கு மனிதநேயம் இல்லை, பிறந்த குழந்தை பெற்றோர் கையை விட்டு இறங்கவே மூன்று வருடம் ஆகிறதே என்று மற்றவர்களிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஏறக்குறைய 2500 வருடத்துக்கு முந்தைய பேச்சு இது. வகுப்பில் இதைச் சொல்லலாம், ஆனால் விவாதம் சூடுபிடித்த பிறகு சொல்லுங்கள். இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இரண்டு. ஒன்று, குரு கேட்ட கேள்வி: அவர் சடங்கு உண்மையா என்று கேட்கவில்லை, செய்யாமல் விட்டால் உன் மனது எப்படி இருக்கும் என்று கேட்டார். நிலாவிடமும் இதைக் கேட்கலாம். சொல்லிவிட்டு ராத்திரி படுக்கும்போது அவளுக்கு எப்படி இருக்கும், சொல்லாமல் விட்டுவிட்டுப் படுத்தால் எப்படி இருக்கும்? இரண்டாவது, அனுமதி கொடுத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் வருத்தப்பட்டது. "உன் இஷ்டம்" என்று சொன்னவர் மனதில் வருத்தம் இருந்தால் அது உண்மையான அனுமதியா? அந்த வருத்தம் தெரிந்த பிறகும் நிலா சுதந்திரமாகத்தான் முடிவெடுக்கிறாளா? பிள்ளைகள் இதை நன்றாகவே பேசுவார்கள், ஏனென்றால் "உன் இஷ்டம்" என்பதில் எத்தனை வகை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எனவே பாட்டியின் கடைசி வசனமாக அதையே வையுங்கள். அவர் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.

சரி, இனி நீங்கள் கேட்ட விதம். "யார் செய்தது சரி?" என்ற கேள்வி பிள்ளைகளை முதல் நிமிடத்திலேயே ஒரு பக்கம் உட்காரவைத்துவிடுகிறது, ஒரு தடவை கைதூக்கிவிட்டால் அதற்கப்புறம் யாரும் மாற விரும்பமாட்டார்கள். முதலில் பதில் கேட்காமல் கேள்வி கேளுங்கள். கதையைச் சத்தமாகப் படித்ததும், இதில் உங்களுக்குப் புரியாமல் இடிக்கிற ஒரு விஷயத்தைக் கேள்வியாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, வந்த கேள்விகளைப் பலகையில் எழுதி, எதில் ஆரம்பிக்கலாம் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சிறுவர்களுக்கான தத்துவக் கல்வியை உருவாக்கிய மேத்யூ லிப்மன், 1974இல் அமெரிக்காவின் மாண்ட்கிளேரில் அதற்கென ஒரு நிறுவனத்தையே தொடங்கியவர், இந்த முறையைத்தான் கையாண்டார்: கதை, பிறகு பிள்ளைகளின் கேள்வி, பிறகுதான் பேச்சு. கதையை எழுநூறு சொல்லுக்குள் வைத்துக்கொண்டால் ஒரே வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும்.

பேச்சு தேங்கினால் புதிய கேள்வி போடாமல் கதையில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப்பாருங்கள். பெரியப்பா அன்று வரவில்லை, பாட்டி மட்டும்தான் இருக்கிறார் என்றால்? வாக்கியம் "நீங்கள் காக்கிறீர்கள்" என்று இல்லாமல் "உங்களை நினைத்துக்கொள்கிறோம்" என்று இருந்தால்? அது "நான் ஒவ்வொரு வருடமும் இதைச் செய்வேன்" என்ற வாக்குறுதியாக இருந்தால்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாருடைய பதில் மாறுகிறது, யாருடையது மாறவில்லை என்று பாருங்கள். பெரியப்பா இல்லாவிட்டால் சொல்லலாம் என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளைக்குப் பொய் என்பது கேட்பவரைப் பொறுத்தது. யாரும் இல்லாவிட்டாலும் சொல்லமாட்டேன் என்று சொல்லும் பிள்ளைக்கு அது தனக்குத் தானே உண்மையாக இருப்பதைப் பற்றியது. இருவருமே நிலா சொல்லக்கூடாது என்ற ஒரே முடிவில் இருந்தார்கள், காரணம் வேறு என்பது இப்போதுதான் அவர்களுக்கே தெரியவரும். முதலில் ஒரே குரலில் "நிலாதான்" என்று சொன்ன வகுப்புக்குள் எத்தனை வேறுபாடு இருந்தது என்பதும் அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

சில பிள்ளைகள் எந்தப் பக்கமும் போகமாட்டார்கள். "முந்தின நாளே பாட்டியோடு உட்கார்ந்து பேசியிருக்கலாமே", "வார்த்தையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாமே" என்பார்கள். நழுவுகிறார்கள் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். லாரன்ஸ் கோல்பர்க் என்ற உளவியலாளர் சிறுவர்களின் அறச்சிந்தனையை அளக்க ஒரு கதையைப் பயன்படுத்தினார்: மனைவியைக் காப்பாற்ற மருந்தைத் திருடலாமா என்பது கேள்வி. பதினொரு வயது ஆமி என்ற சிறுமி, திருடவும் வேண்டாம், மனைவி சாகவும் கூடாது, கடன் வாங்கலாம், மருந்துக்கடைக்காரரிடம் பேசிப்பார்க்கலாம் என்றாள். அந்த அளவுகோலின்படி அவளுக்குக் குறைந்த மதிப்பீடுதான் கிடைத்தது. உறவுகள் அறுந்துவிடாமல் வழி தேடுவதும் முதிர்ந்த அறச்சிந்தனைதான் என்று கேரல் கில்லிகன் என்ற இன்னொரு உளவியலாளர் 1982இல் அவளுக்காக வாதாடினார். ஆனால் அந்தப் பதிலோடு விட்டுவிடவும் கூடாது. வார்த்தையை மாற்றலாம் என்று சொல்கிறவரிடம், எந்த வார்த்தை, இப்போதே எழுதிக்காட்டு என்று கேளுங்கள். எழுதிய வாக்கியத்தில் பாட்டிக்குத் தாத்தாவின் குரல் கேட்குமா என்று அடுத்தவரைக் கேளுங்கள். பாட்டிக்கு வேண்டியது அதே வார்த்தைகள்தான் என்பதால் அது சுலபமாக இருக்காது, அங்கே நல்ல பேச்சு வரும்.

ஒரு எல்லையையும் சொல்லியாகவேண்டும். இந்தக் கதையில் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதற்குக் காரணம், அந்த வாக்கியத்தைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நிலாவின் உடலுக்கோ படிப்புக்கோ பாதுகாப்புக்கோ ஒன்றும் ஆகப்போவதில்லை. காயப்படுத்துகிற, பட்டினி போடுகிற, பூட்டிவைக்கிற சடங்கை எடுத்துக்கொண்டு "இரண்டு பக்கத்தையும் பார்ப்போம்" என்று இதே மாதிரி கதை எழுதாதீர்கள், அது விவாதத்துக்கான விஷயமே இல்லை, அந்த வகுப்பில் அப்படி ஒரு வீட்டிலிருந்து வரும் பிள்ளை இருந்தால் நாம் அதைக் கைவிட்டது போல ஆகிவிடும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையின் 14வது பிரிவு, பிள்ளையின் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை மதிக்கச் சொல்கிறது, வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்றும் சொல்கிறது, ஆனால் பிள்ளை வளர வளர அதன் திறனுக்கு ஏற்ற விதத்தில் அந்த வழிகாட்டல் இருக்கவேண்டும் என்கிறது. நிலா போன்ற பதினான்கு வயதுப் பெண்ணிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்பது அந்த வழிகாட்டலுக்குள் அடங்குமா என்பது திறந்த கேள்வி. அவளுக்கு வலி கொடுப்பது அப்படி இல்லை.

இதே காரணத்துக்காக, "உங்கள் வீட்டில் எப்படி?" என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், துருவாதீர்கள். நிலாவைப் பற்றிப் பேசும்போது ஒரு பிள்ளை தன்னைப் பற்றியும் பேசிக்கொள்ளமுடியும், அது யாருக்கும் தெரியவேண்டியதில்லை. கதை வைத்துப் பேசுவதால் கிடைக்கும் பெரிய வசதியே அதுதான், அதை ஒரு கேள்வியால் கெடுத்துக்கொள்ளவேண்டாம். பேச்சுக்கு நடுவே ஒரு பிள்ளை தன் வீட்டில் நடப்பதாக ஆபத்தான எதையாவது சொன்னால், அதை வகுப்பில் அலசாமல் பிறகு தனியாகப் பேசி, பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

மாற்றி எழுதியதும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன்னால் இரண்டு பேரிடம் படித்துக்காட்டுங்கள். ஒருவர் சடங்குகளை மனதார நம்பிச் செய்பவராக இருக்கட்டும், இன்னொருவர் அவற்றை விட்டு விலகியவராக இருக்கட்டும். படித்து முடித்ததும், உங்கள் பக்கம் நிற்பவரைக் கதையில் ஒழுங்காகப் பேசவிட்டிருக்கிறேனா என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேரில் ஒருவர் இல்லை என்று சொன்னாலும், எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று காட்டச் சொல்லி அந்த வரியைத் திருத்துங்கள். அநேகமாக அது பாட்டியின் வரியாகத்தான் இருக்கும்.